பனிநாட்டுக்குப் புறப்படும் தங்கைக்கு

என் கடைசித் தங்கை வருகிற தை மாதம் கனடாவின் சஸ்கற்றூன் நகரத்தில் மேற்படிப்பைத் தொடங்கப் போகிறாள். நான் 2016 ஆம் ஆண்டு இதே தை மாதத்தில் வினிபெக் நகரத்துக்குப் படிக்க வந்தவள். படிப்பு முடிந்து இங்கேயே வேலை செய்கிறேன். "அக்கா, என்னென்ன கொண்டு வரவேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்புங்கோ" என்று கேட்டாள். எழுதத் தொடங்கியபோது பட்டியல் கடிதமாகி விட்டது. பிள்ளைகளைக் குளிர்நாட்டுக்கு அனுப்ப ஆயத்தம் செய்யும் அம்மாமாருக்கும் அக்காமாருக்கும் பயன்படலாம் என்பதால் அதை இங்கே தருகிறேன்.

அன்பின் தங்கச்சிக்கு,



விசா கிடைத்த நாளிலிருந்து வீட்டில் பெட்டி அடுக்கும் வேலைதான் என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். மூன்று ஸ்வெற்றர் வாங்கியாயிற்று, மிளகாய் வறுத்தாயிற்று, சோறு சமைக்கும் மின்சாரச் சட்டியும் வாங்கப் போகிறீர்களாம். சட்டியை இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் நான் வந்து இறங்கிய கதையைக் கேள். இதுவரை அம்மாவுக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லை.

எனக்குக் கொழும்பில் ஒரு தடித்த ஜக்கெற் வாங்கித் தந்தது உனக்கு ஞாபகம் இருக்கலாம். கட்டுநாயக்காவில் வியர்த்து ஒழுகியது. இதை யார் கையில் சுமப்பது என்று மடித்து, பெரிய பெட்டியின் அடியில் வைத்துக் கொடுத்துவிட்டேன். உடம்பில் சுரிதாரும் மெல்லிய ஸ்வெற்றரும். காலில் நேர்முகத் தேர்வுகளுக்கு என்று வாங்கிய கறுத்தச் சப்பாத்து. குளிருமே என்று அதற்குள் இரண்டு சோடி பருத்திக் காலுறை போட்டு, காலை இறுக்கித் திணித்திருந்தேன். காதில் அம்மாவின் தோடு.

ரொறன்ரோவில் பனி கொட்டியதால் அடுத்த விமானம் பிந்தியது. வினிபெக்கில் இறங்கினால் பெட்டி வரவில்லை. இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புவோம் என்று ஒரு துண்டு எழுதித் தந்தார்கள். வெளியே சைபருக்குக் கீழே 29 பாகை, அத்தோடு காற்று. கூட்டிப் போக வருவதாகச் சொன்ன பிள்ளையின் கார் எந்த வாசலுக்கு வரும் என்று தெரியாமல், கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றேன். இருபது நிமிடம் நின்றிருப்பேன்.

முதலில் கால் விரல்களும் காதும் ஊசியால் குத்துவது போல வலித்தன. பிறகு எரிந்தன. அதன் பிறகு வலி நின்றுவிட்டது. "குளிர் பழகிவிட்டது, இவ்வளவுதானா" என்று நான் சந்தோசப்பட்டேன். அறைக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றினால் வலது காலின் கடைசி இரண்டு விரல்களும் மெழுகு பூசியதுபோல் சாம்பல் நிறமாக இருந்தன. தொட்டால் தெரியவில்லை. காலை ஹீற்றரின் மேல் வைத்துவிட்டேன். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது அல்லவா? அடுத்த நாள் காலையில் இரண்டு விரலிலும் கொப்புளம். குளிர் செய்த காயத்தோடு நானே செய்த சூட்டுக் காயமும் சேர்ந்துகொண்டது. சின்ன விரல் இன்றைக்கும் மார்கழி வந்தால் மரத்துப் போகும்.

இதில் நான் விட்ட பிழைகள் நாலு. ஜக்கெற் பெட்டிக்குள் போனது. சப்பாத்து இறுகியது. வெளியே நின்றேன். வலி நின்றதை நன்மை என்று நினைத்தேன். இந்த நாலையும் நீ விடாமல் இருந்தால் போதும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கையில் வரவேண்டியவை

நீ போகும் இடம் என்னிடமிருந்து சாலை வழியே ஏறக்குறைய 800 கிலோமீற்றர். தை மாதத்தில் அந்தச் சாலையில் பனிப்புயல் எப்போது அடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே உன்னைக் கூப்பிட நான் வருவேன் என்று நம்பி இராதே. பெட்டி இரண்டும் வராமல் போனாலும் மூன்று நாள் சமாளிக்கக்கூடியதாக உன் கைப்பை இருக்க வேண்டும். உடுத்த உடுப்பும் கைப்பையும் சேர்ந்து ஒரு சின்ன வீடு என்று நினைத்துக்கொள்.

அதற்குள் முதலாவது, கடதாசிப் பை. கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்ட போது உனக்கு ஐந்து வயது. விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு சாமான் குறைந்துகொண்டே வந்தது. தையல் மெசின், சைக்கிள், பாத்திரங்கள், கடைசியில் உடுப்பு மூட்டையும் போனது. ஆனால் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதியையும் பொலித்தீனில் சுற்றி, அம்மா வயிற்றோடு கட்டியிருந்தார். "உடுப்புப் போனால் போகட்டும் பிள்ளை, இது போனால் நாங்கள் ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்பார். செட்டிகுளம் முகாமில் பதியும்போது வரிசையில் பலர் கையில் ஒன்றும் இல்லாமல் நின்று அழுததைப் பார்த்தேன். உன்னுடைய பாஸ்போட்டும் விசாவும் அந்தப் பொலித்தீன் பைக்குள் இருந்த ஒரு தாளிலிருந்துதான் வந்தன. அம்மாவுக்குத் தெரிந்ததைத்தான் நான் உனக்குச் சொல்கிறேன்: கடதாசி உடம்போடு வரவேண்டும், பெட்டிக்குள் அல்ல.

உன் பாஸ்போட்டில் ஒட்டியிருக்கும் விசா இந்த நாட்டு வாசலுக்கு வருவதற்கு மட்டும்தான். படிப்பதற்கான அனுமதிப் பத்திரத்தை, கனடாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே அதிகாரி அச்சடித்துத் தருவார். உனக்கு அது ரொறன்ரோ. அந்த நேரத்தில் பெட்டிகள் உன் கையில் இரா. ஆகவே பாஸ்போட், விசா அலுவலகம் அனுப்பிய அனுமதிக் கடிதம், பல்கலைக்கழகம் தந்த அனுமதிக் கடிதம், மாகாண அரசின் அத்தாட்சிக் கடிதம், பணம் இருப்பதற்கான வங்கிக் கடிதம், தங்கப் போகும் இடத்தின் முகவரி ஆகிய ஆறையும் இந்த ஒழுங்கிலேயே ஒரு கோப்பில் வை. பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறுகள், தடுப்பூசி அட்டை ஆகியவற்றின் மூலப்பிரதியும் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதன் பின்னால் வரட்டும். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்துப் பெட்டிக்குள் வை. இன்னொரு பிரதி அம்மாவிடம் இருக்கட்டும்.

அதிகாரி அனுமதிப் பத்திரத்தைத் தந்ததும் மேசையை விட்டு உடனே நகராதே. பெயரின் எழுத்துகள், பிறந்த திகதி, முடியும் திகதி, படிக்கும்போது வேலை செய்யலாம் என்ற குறிப்பு ஆகியவற்றை அங்கேயே நின்று வாசி. எங்கள் பெயர்களில் அப்பாவின் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று இவர்கள் குழம்புவது உண்டு. அந்த மேசையில் திருத்தினால் ஐந்து நிமிடம். வெளியே வந்தபின் திருத்தினால் மாதக் கணக்கு.

இரண்டாவது, மூன்று நாளுக்கான உள்ளுடுப்பும் ஒரு மாற்றுடுப்பும். மூன்றாவது, நீ பாவிக்கும் மருந்து, கடைப் பெட்டியோடும் வைத்தியரின் துண்டோடும். மூக்குக் கண்ணாடி இன்னொரு சோடி. இங்கே கண்ணாடி விலை கூட. பல்லுக்கும் அப்படித்தான், ஓட்டை இருந்தால் அங்கேயே அடைத்துக்கொண்டு வா. நாலாவது, தொலைபேசிக்கான பற்றரி வங்கி. அது பெரிய பெட்டியில் போகவே கூடாது. கடும் குளிரில் தொலைபேசி சட்டென்று அணைந்துவிடும். அதனால் போகும் முகவரியையும் என் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வை. தொலைபேசியை ஜக்கெற்றின் உட்பையில், உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள்.

உடுப்பு வேலை செய்யும் விதம்

சஸ்கற்றூனின் குளிரை நுவரெலியாவை வைத்துக் கணக்குப் பாராதே. கடைகளில் மீன் வைத்திருக்கும் டீப் பிரீசருக்குள் சைபருக்குக் கீழே 18 பாகை. தை மாத இரவில் நீ அதைவிடக் குளிரான இடத்தில் நடப்பாய். சில நாட்களில் 30, 35 வரையும் போகும்.

உடுப்பு சூட்டைத் தருவதில்லை. சூடு உன் உடம்பிலிருந்து வருகிறது. உடுப்பு அதை வெளியே போகவிடாமல் மறிக்கிறது, அவ்வளவுதான். அப்படி மறிப்பதும் துணி அல்ல, துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. இதை விளங்கிக்கொண்டால் எதை வாங்குவது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அந்தக் காற்றைக் கெடுப்பவை மூன்று: வெளிக்காற்று உள்ளே புகுவது, ஈரம், இறுக்கம்.

ஈரத்தை எடுத்துக்கொள். ஊரில் பருத்திதான் நல்லது, வியர்வையை உறிஞ்சும். அதே குணம்தான் இங்கே கெடுதி. பஸ்ஸுக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் 20, 21 பாகை சூடு வைத்திருப்பார்கள். தடித்த உடுப்போடு இருந்தால் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், வெளியே வந்ததும் அது உடம்பில் பனிக்கட்டி ஒத்தடம் போட்டதுபோல் ஆகும். மழையில் நனைந்த சட்டையோடு தரப்பாளுக்குக் கீழே இரவு முழுக்க இருந்தோமே, அந்த நடுக்கம்தான். ஆகவே தோலோடு ஒட்டி வரும் முதல் உடுப்பு பருத்தியாக இருக்கக்கூடாது. பொலியெஸ்ரர் அல்லது மெல்லிய கம்பளி என்று லேபலில் எழுதியிருப்பதைப் பார். முழுக்கை மேலுடுப்பும் கணுக்கால் வரை நீண்ட காலுடுப்பும் இரண்டு சோடி போதும். ஒன்றைத் தோய்த்துப் போட்டால் இந்த உலர்ந்த காற்றில் விடியக் காய்ந்துவிடும்.

அதன் மேல் வருவது பஞ்சு போன்ற ஸ்வெற்றர் அல்லது பிளீஸ் துணி. நீ வாங்கிய மூன்றில் இரண்டு போதும், ஒன்றைத் திருப்பிக் கொடு. எல்லாவற்றுக்கும் மேலே வருவதுதான் ஜக்கெற். அதன் முக்கிய வேலை காற்றை மறிப்பது. ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்பு விற்கும் கடைகளில் பார். துணியை வாயோடு வைத்து ஊது. மறுபக்கம் கையில் மூச்சுப் பட்டால், எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் வேண்டாம். தலைமூடி இருக்க வேண்டும், சிப்பின் மேல் ஒரு மடிப்பு மூடியிருக்க வேண்டும், இடுப்பை மறைக்கும் நீளம் வேண்டும். உள்ளே ஸ்வெற்றர் போட்டபின்பும் கையைத் தூக்கக்கூடிய அளவு தொளதொளப்பாக இருக்க வேண்டும். விலையானது வேண்டாம். அது விமான நிலையத்திலிருந்து விடுதிவரை உன்னைக் கொண்டுவந்து சேர்த்தால் போதும். இந்தக் குளிருக்கென்று செய்த ஜக்கெற்றையும் பூட்ஸையும் நான் இங்கே வாங்கி, நீ வருமுன் உன் விடுதிக்குத் தபாலில் அனுப்பிவைப்பேன்.

அதற்கு எனக்கு உன் கால் அளவு வேண்டும். சப்பாத்து இலக்கம் வேண்டாம், நாட்டுக்கு நாடு அது மாறும். பின்னேரத்தில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரம், தடித்த காலுறை போட்டுக்கொண்டு ஒரு தாளில் நில். பென்சிலை நேராகப் பிடித்து அம்மாவைக் கோடு கீறச் சொல். குதிக்காலிலிருந்து நீண்ட விரல் நுனிவரை எத்தனை சென்ரிமீற்றர் என்று இரண்டு காலுக்கும் எழுதி அனுப்பு. பெரிய காலுக்கு ஏற்றபடி வாங்கி, விரல் அசைய இடம் விடுவேன். இரண்டு காலுறை போட்டு இறுக்குவதைவிட ஒரு கம்பளிக் காலுறையும் விரல் அசையும் இடமும் சூடானவை. இறுகினால் காற்றும் இல்லை, இரத்த ஓட்டமும் இல்லை. என் சின்ன விரல் போனது அப்படித்தான். பயணத்துக்கு நீ போடும் சப்பாத்தும் ஓர் அளவு பெரிதாக, தடித்த அடியோடு இருக்கட்டும்.

கையுறையில் ஐந்து விரலும் தனித்தனியாக உள்ளதைவிட, நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கும் பை போன்றது சூடு. விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். காதை மூடும் கம்பளித் தொப்பி ஒன்று, கழுத்தையும் மூக்கையும் சுற்ற ஒரு சால்வை. தோட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வா. உலோகம் குளிரை நேராகக் காதுச் சோணைக்குக் கொண்டு போகும்.

பெட்டிக் கணக்கு

உன் ரிக்கெற்றில் இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோ என்று சொன்னாய். இடையில் விமானம் மாறுவதால் எல்லா ரிக்கெற்றிலும் அதே அளவு எழுதியிருக்கிறதா என்று பார். வெறும் பெட்டியே 4 கிலோ வரும். மிஞ்சுவது 19. சங்கக்கடைத் தராசில் வைத்து நிறுத்து, 21 கிலோவோடு நிறுத்திக்கொள். மற்ற 2 கிலோ ஏன் என்று பிறகு சொல்கிறேன். உடுப்பெல்லாம் ஒரு பெட்டி, சாப்பாடெல்லாம் ஒரு பெட்டி என்று பிரிக்காதே. இரண்டிலும் பாதிபாதி வை. ஒன்று பிந்தினாலும் மற்றதில் உடுக்கவும் உண்ணவும் இருக்கும்.

உடுப்பு மொத்தம் 14 கிலோவுக்கு மேல் வேண்டாம். வீட்டுக்குள் போடும் சாதாரண உடுப்பு ஐந்தாறு, உள்ளுடுப்பு பன்னிரண்டு, நல்ல நாளுக்கு ஒரு சாறியும் இரண்டு சுரிதாரும். துவாய் இரண்டு. போர்வை, தலையணை, சாப்பாட்டுக் கோப்பை எல்லாம் இங்கே பழைய பொருள் விற்கும் கடைகளில் மலிவு.

சோறு சமைக்கும் சட்டியும் கிரைண்டரும் ஏன் வேண்டாம் என்றால், எங்கள் ஊர் மின்சாரம் 230 வோல்ற், இங்கே 120. சட்டி இளஞ்சூட்டோடு நிற்கும், அரிசி வேகாது. தொலைபேசி சார்ஜரில் `INPUT 100-240V` என்று சின்ன எழுத்தில் இருந்தால் அது இரண்டிலும் வேலை செய்யும். இரண்டு தட்டைக் கால் செருகுவதற்கான மாற்றி மட்டும் இரண்டு வாங்கி வா.

சாப்பாட்டில் அரிசி, பருப்பு, கடலை ஒன்றும் வேண்டாம். சஸ்கற்றூனில் இந்தியக் கடைகள் இருக்கின்றன. அங்கே அம்மா வறுத்து இடித்த கறித்தூள் கிடையாது. அதில் ஒன்றரைக் கிலோ, ஒடியல் மா ஒரு கிலோ, புழுக்கொடியல், மோர்மிளகாய், மாசி கொஞ்சம். தூளை மூன்று பொதியாகப் பிரித்து, ஒட்டி மூடி, என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் எழுது. எழுத்தில்லாத பழுப்புத் தூளைக் கண்டால் சுங்கத்தில் மறிப்பார்கள். இறைச்சி, நெய், பால் சேர்ந்த இனிப்பு, பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, மண்ணோடு செடி ஆகிய எதுவும் வேண்டாம். சாப்பாட்டுச் சாமான் கொண்டு வருகிறாயா என்று கேட்டால் "ஓம்" என்றே பதில் கொடு. சொல்லிவிட்டால், கூடாததை எடுத்துக்கொண்டு உன்னை விட்டுவிடுவார்கள். மறைத்துப் பிடிபட்டால் தண்டப்பணம். காசும் அப்படித்தான். 10,000 கனேடிய டொலர் அல்லது அதற்கு மேல் கையில் இருந்தால் சொல்லியே ஆகவேண்டும்.

தேங்காயெண்ணெய் இங்கே கல்லாக இறுகும், அது பழுதல்ல. நல்லெண்ணெய் ஒரு சின்னப் போத்தலும் வை. ஹீற்றர் காற்றில் தோல் வெடிக்கும், மூக்கு உலர்ந்து சில நாள் இரத்தமும் கசியும். உதட்டுக்கும் மூக்கின் உட்பக்கத்துக்கும் வாஸ்லின் தடவு. தலை முழுகுவதை இரவில் வைத்துக்கொள். ஈரத் தலையோடு வெளியே போனால் மயிர் விறைத்துக் கம்பியாகும்.

வந்து இறங்கிய பின்

ரொறன்ரோவில் அனுமதிப் பத்திரம் வாங்கியபின் பெரும்பாலும் பெட்டிகளை எடுத்து, சுங்கம் தாண்டி, மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஆகவே அடுத்த விமானத்துக்கு மூன்று, நாலு மணித்தியாலம் இடைவெளி இருக்கிறதா என்று ரிக்கெற்றில் பார். சஸ்கற்றூனில் கதவைத் தாண்டுமுன் உள்ளேயே நின்று எல்லாவற்றையும் போட்டுக்கொள். டாக்சி வந்து நிற்பதைக் கண்ணாடியால் கண்டபின் வெளியே போ. காற்றோடு சேர்த்து உடம்புக்குத் தெரியும் குளிரை இங்கே வானிலை அறிக்கையில் தனியாகச் சொல்வார்கள். அது சைபருக்குக் கீழே 28 ஐத் தொட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். 40 ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம் போதும்.

குளிர்க்கடி பற்றிய படங்களில் வெள்ளைத் தோல் சிவந்து வெளுப்பதைத்தான் காட்டுவார்கள். எங்கள் தோலில் அது தெரியாது. சாம்பல் பூத்ததுபோல், மெழுகுபோல் தெரியும், தொட்டால் விறைப்பாக இருக்கும். நிறத்தைவிட உணர்வை நம்பு. வலித்துக்கொண்டிருந்த இடம் சும்மா இருக்கிறது என்றால் உடனே ஏதாவது கடைக்குள் நுழைந்துவிடு. தேய்க்காதே. ஹீற்றரிலும் அடுப்பிலும் காட்டாதே. விரல் என்றால் அக்குளுக்குள் வை. கால் என்றால், பிள்ளையைக் குளிப்பாட்டும் பதத்தில் இளஞ்சூட்டு நீரில், சூட்டை முழங்கையால் பார்த்தபின் வை. உணர்வு திரும்பும்போது நன்றாக வலிக்கும். அந்த வலி நல்லது. உணர்வு திரும்பாவிட்டாலும் கொப்புளம் வந்தாலும் வைத்தியசாலைக்குப் போ. சஸ்கச்சுவான் மாகாணத்தில் 811 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தாதி ஒருவர் எந்த நேரமும் ஆலோசனை சொல்வார். அவசரத்துக்கு 911.

பனியைவிடக் கண்ணாடிபோல் உறைந்த நடைபாதைதான் விழுத்தும். மழைக்காலத்தில் வயல் வரம்பில் நடப்போமே, அதே நடைதான். சின்ன அடி, பாதம் முழுவதும் ஒரேயடியாக நிலத்தில், கை பொக்கற்றுக்கு வெளியே. தை மாதத்தில் அங்கே காலை 9 மணிக்குப் பிறகுதான் சூரியன் எழும்பும், பின்னேரம் 5 மணிக்கு விழுந்துவிடும். முதல் கிழமை நேரம் தெரியாமல் நித்திரை குழம்பும், பயப்படாதே.

இனி அந்த 2 கிலோ. நீ எவ்வளவு கணக்குப் பார்த்து அடுக்கினாலும், வெளிக்கிடும் அன்று விடிய அம்மா ஏதோ ஒரு பொதியோடு வந்து நிற்பார். பனங்கட்டிக் குட்டானோ, எள்ளுருண்டையோ தெரியாது. எனக்கும் வந்தார். "பாரம் கூடிவிட்டது அம்மா" என்று நான் திருப்பிக் கொடுத்தேன். பெட்டியில்லாமல் அறையில் இருந்த அந்த இரண்டு நாளும் எனக்கு அந்தப் பொதிதான் நினைவில் நின்றது. உனக்கு இடம் இருக்கட்டும். வாங்கி வைத்துக்கொள். கையில் இடமிருந்தால் கைப்பையிலேயே வை.

கால் அளவை இந்தக் கிழமைக்குள் அனுப்பு. தபால் போய்ச்சேர நாளாகும்.

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா